வங்கி சொன்ன விலையும் பவுன் விலையும்

தங்கம் ‘இத்தனை டாலரைத் தொடும்’ என்று பெரிய வங்கிகள் சொல்வதை எப்படி எடைபோடுவது? பழைய கணிப்புகள் ஏன் பொய்த்தன?

2025 அக்டோபர் 6-ம் தேதி, அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் ஓர் அறிக்கை விட்டது. 2026 டிசம்பரில் ஒரு அவுன்ஸ் தங்கம் 4,300 டாலர் என்று அதுவரை சொல்லிவந்த வங்கி, அதை 4,900 டாலராக உயர்த்தியது. அந்த வாரம் சென்னையில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் 89,000 ரூபாயை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது.

இப்படி ஓர் எண் நியூயார்க்கில் கிளம்பினால், கடலூர் மாவட்டத்து மங்களூருக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆவதில்லை. கைப்பேசியில் அதைப் பார்த்தவர்கள் முன்னால் உடனே இரண்டு கேள்விகள் நிற்கும். மக்காச்சோளமும் பருத்தியும் விற்ற காசில் இப்போதே விருத்தாசலம் போய் நகை எடுத்துவிடுவதா, தை வரை பொறுப்பதா? கூட்டுறவு வங்கியில் இருக்கும் நகையை மீட்பதா, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதா? இரண்டுமே லட்சக்கணக்கான ரூபாய் முடிவுகள். அவற்றை எடுக்க அந்த 4,900 எவ்வளவு உதவும் என்பதுதான் விஷயம். அதற்குப் பழைய கணிப்புகள் சிலவற்றின் கதி தெரிய வேண்டும்.

18 மாதம் 59 மாதமான கதை

2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின் நடுவே பேங்க் ஆஃப் அமெரிக்கா ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க மத்திய வங்கியால் டாலரை அச்சடிக்க முடியும், தங்கத்தை அச்சடிக்க முடியாது என்பது அதன் வாதம். அப்போது விலை 1,700 டாலருக்குச் சற்றுக் கீழே. அடுத்த 18 மாதங்களில் 3,000 டாலர் என்றது வங்கி.

நான்கு மாதத்தில் தங்கம் 2,070 டாலரைத் தாண்டியதும் கணிப்பு பலித்துவிடும் போலத் தோன்றியது. அங்கிருந்து இறங்கத் தொடங்கியது. 18 மாதம் முடிந்த 2021 அக்டோபரில் விலை 1,780 டாலரை ஒட்டியே நின்றது. 3,000 டாலரை முதன்முதலாகத் தாண்டியது 2025 மார்ச் 14-ம் தேதி. அதாவது, 18 மாதம் என்று சொன்னது நடக்க 59 மாதம் ஆனது.

‘வங்கி சொன்னபடிதானே கடைசியில் நடந்தது’ என்று கேட்பவர்கள் உண்டு. நகையை அடகில் வைத்துவிட்டு விலைக்காகக் காத்திருந்தவரிடம் அதைச் சொல்ல முடியாது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் ஒரு லட்சம் வாங்கியிருந்தால் 18 மாதத்துக்கு வட்டி 18,000 ரூபாய். 59 மாதத்துக்கு 59,000. இலக்கு விலையும் அதன் தேதியும் சேர்ந்ததுதான் கணிப்பு. தேதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ‘என்றாவது ஒருநாள் ஏறும்’ என்ற பேச்சு. அதைச் சொல்ல வங்கி தேவையில்லை.

ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது தேதி. அது ஆண்டுக் கடைசியில் இருக்கப்போகும் விலையா, ஆண்டு முழுவதுக்குமான சராசரியா, நடுவில் ஒருநாள் தொடக்கூடிய உச்சமா என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு. தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் இருப்பதிலேயே பெரிய எண்.

இன்றைய விலைக்கு நாளைய தேதி

லண்டன் பொன் சந்தைச் சங்கம் ஆண்டுதோறும் ஜனவரியில் வங்கிகள், ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த விலை ஆய்வாளர்களைக் கேட்டு அந்த ஆண்டின் சராசரித் தங்க விலையைக் கணிக்கச் சொல்கிறது. ஒரு வங்கியின் தனிக்கருத்தைவிட, துறையே சேர்ந்து என்ன நினைத்தது என்பதை இதில் பார்க்கலாம். ஐந்து ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். விலை அவுன்ஸுக்கு டாலரில், முழு எண்ணாக:

| ஆண்டு | எல்லோருடைய கணிப்பின் சராசரி | உண்மையான ஆண்டுச் சராசரி |
|---|---|---|
| 2013 | 1,753 | 1,411 |
| 2016 | 1,103 | 1,251 |
| 2020 | 1,559 | 1,770 |
| 2022 | 1,802 | 1,800 |
| 2025 | 2,737 | சுமார் 3,430 |

2022-ல் குறி தப்பவே இல்லை. விலை அதிகம் அசையாத மற்ற ஆண்டுகள் பலவற்றிலும் பிழை நூற்றுக்கு நான்கைந்துக்குள்தான். ஆனால் விலை பெரிதாக நகர்ந்த ஆண்டுகளில், அதாவது கணிப்பு உண்மையிலேயே தேவைப்பட்ட ஆண்டுகளில், பிழை 12 முதல் 24 விழுக்காடு வரை போயிருக்கிறது.

காரணத்தைத் தேட அதிக தூரம் போக வேண்டாம். கணிப்பு கேட்ட அந்த ஜனவரியில் விலை என்ன என்று பார்த்தால் போதும். 2016 ஜனவரித் தொடக்கத்தில் விலை ஏறத்தாழ 1,100 டாலர், கணிப்பு 1,103. 2025 ஜனவரித் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,660, கணிப்பு 2,737. 2013-லும் விலை 1,660-ஐ ஒட்டி இருந்தபோதுதான் 1,753 என்றார்கள். இன்றைய விலையை எடுத்து, அதில் கொஞ்சம் கூட்டி, அடுத்த தேதியைப் போட்டதுபோலத்தான் சராசரிக் கணிப்பு அமைகிறது.

ஆய்வாளர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. நாளைய காரணங்களில் தெரிந்தவை எல்லாம் இன்றைய விலையிலேயே ஏறியிருக்கும். தெரியாததை எண்ணாக்க வழி கிடையாது. கூடவே தொழில் பயமும் உண்டு. எல்லோரும் 2,700 என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் 3,400 என்று சொல்லித் தவறினால் அவர் பெயர் கெடும். எல்லோரோடும் சேர்ந்து தவறினால் யாரும் கேட்பதில்லை.

விலை ஓடத் தொடங்கினால் இலக்கு அதன் பின்னால் ஓடுகிறது. 2025-ல் கோல்ட்மேன் சாக்ஸ் செய்ததைப் பாருங்கள். 2025 டிசம்பருக்கு 3,000 டாலர் என்று 2024 நவம்பரில் சொன்னது. ஜனவரியில், அமெரிக்க வட்டி எதிர்பார்த்த அளவு குறையாது என்று கருதி 2,910-ஆக இறக்கியது. பிப்ரவரியில் 3,100. மார்ச்சில் 3,300. ஏப்ரலில் 3,700. டிசம்பர் வந்தபோது தங்கம் 4,300 டாலருக்கு மேல். திசையைச் சரியாகப் பிடித்த வங்கி இது என்பதை மறக்கக்கூடாது. அப்படியும் ஆறு மாதத்துக்குள் நான்கு முறை எண்ணை மாற்ற வேண்டியிருந்தது, கடைசி எண்ணும் பதினாலு விழுக்காடு குறைவாகவே போனது.

இலக்கு உயர்ந்தது என்ற செய்தி வரும்போது கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இதிலிருந்து வருகிறது. போன அறிக்கை வந்த நாளில் விலை எவ்வளவு, இன்று எவ்வளவு? விலை 400 டாலர் ஏறிய பிறகு இலக்கும் 400 டாலர் ஏறியிருந்தால் அதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. நடந்து முடிந்ததையே திரும்பச் சொல்கிறார்கள்.

உடைந்துபோன சூத்திரம்

ஒவ்வொரு கணிப்புக்கு அடியிலும் ஓர் ‘ஆல்’ இருக்கும். வட்டி குறைந்தால், போர் நீடித்தால், மத்திய வங்கிகள் தொடர்ந்து வாங்கினால். அறிக்கையில் அது எழுதப்பட்டிருக்கும். நம் கைக்கு வரும் செய்தியில் உதிர்ந்துபோயிருக்கும்.

நெடுங்காலம் அந்த ‘ஆல்’ ஒன்றே ஒன்றுதான். பணவீக்கத்தைக் கழித்த அமெரிக்க வட்டி ஏறினால் தங்கம் இறங்கும், அது இறங்கினால் தங்கம் ஏறும். தங்கம் வட்டி தராத பொருள். அரசுக் கடன் பத்திரம் நல்ல வட்டி கொடுத்தால் தங்கத்தை விட்டுப் பணம் அங்கே போகும். 2000-களின் பிற்பகுதியிலிருந்து 2021 வரை இது பெரும்பாலும் ஒத்துவந்தது. வங்கிகள் இதை வைத்தே தங்கள் கணக்கைக் கட்டின.

2022-ல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக ஏற்றியது. பூஜ்யத்துக்குக் கீழே இருந்த அந்த உண்மை வட்டி ஒன்றரை விழுக்காட்டுக்கு மேலே போனது. பழைய சூத்திரப்படி தங்கம் தரைமட்டமாகியிருக்க வேண்டும். நடுவில் 1,630 டாலர் வரை இறங்கினாலும், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து அந்த ஆண்டை முடித்தது. ஏன்? உக்ரைன் போர் தொடங்கியதும் மேற்கு நாடுகள் ரஷ்யாவின் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பை முடக்கின. டாலரிலும் யூரோவிலும் சேமித்த பணத்தை ஒருநாள் இன்னொரு நாடு பூட்டிவிடலாம் என்பதைப் பல மத்திய வங்கிகள் கண்முன் பார்த்தன. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. நம் ரிசர்வ் வங்கி மட்டும் 2024-ல் 70 டன்னுக்கு மேல் வாங்கியது. இவர்கள் வட்டியைப் பார்த்து வாங்கவில்லை. அதனால் வட்டியை மட்டும் பார்த்த சூத்திரம் வேலை செய்யவில்லை.

ஒரே நாளில் இரண்டு வங்கிகள் எதிரெதிராகப் பேசுவதும் இதனால்தான். 2025 ஜூனில் விலை 3,400 டாலரை ஒட்டி இருந்தபோது, ஆண்டுக் கடைசிக்கு 3,700 என்றது கோல்ட்மேன் சாக்ஸ். அந்த ஆண்டின் இறுதியிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ 3,000-க்குக் கீழே இறங்கிவிடும் என்றது சிட்டி வங்கி. முன்னது மத்திய வங்கிகளின் கொள்முதலைப் பெரிதாக எடுத்தது. பின்னது முதலீட்டாளர்களின் ஆர்வம் குறையும், வட்டி குறைந்து உலகப் பொருளாதாரம் தெளியும் என்று எண்ணியது. அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டி, இரண்டையும் பின்னால் விட்டுவிட்டுத் தங்கம் போனது. நமக்குப் பிடித்த எண்ணைச் சொல்லும் வங்கியைத் தேடினால் எப்போதும் ஒன்று கிடைக்கும். எண்ணை விட்டுவிட்டு ‘ஆல்’ எது என்று பார்த்தால், அது நடக்கிறதா இல்லையா என்பதையாவது மாதாமாதம் கவனிக்கலாம்.

2013: அங்கே இறக்கம், இங்கே உச்சம்

வங்கி சரியாகவே கணித்தாலும் நமக்குப் பயன்படாமல் போகலாம். அதற்கு 2013-ஐவிட நல்ல சான்று இல்லை.

2012 டிசம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் அடுத்த 12 மாதத்துக்கு வைத்த இலக்கு 1,800 டாலர். நாலே மாதத்தில், 2013 ஏப்ரல் 10-ம் தேதி, தங்கத்தை விற்கச் சொல்லி வாடிக்கையாளர்களுக்குப் பரிந்துரைத்தது. டிசம்பரில் சொன்னது தப்பு, ஏப்ரலில் சொன்னது சரி. ஏப்ரல் 12, 15 ஆகிய இரண்டே வர்த்தக நாளில் 1,560-ஐ ஒட்டி இருந்த விலை 200 டாலருக்கு மேல் சரிந்தது. அந்த ஆண்டு டாலரில் தங்கம் ஏறத்தாழ 28 விழுக்காடு இறங்கி முடிந்தது.

இதை ஏப்ரலில் நம்பி, ‘இன்னும் இறங்கும், ஆவணியில் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு கல்யாண வீட்டார் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஏப்ரல் நடுவில் அவுன்ஸ் ஏறத்தாழ 1,370 டாலர், டாலருக்கு 54 ரூபாய் 30 காசு, இறக்குமதி வரி 6 விழுக்காடு. சுத்தத் தங்கம் ஒரு கிராம் கணக்குப்படி 2,535 ரூபாய் ஆகிறது. ஆகஸ்ட் 28-ம் தேதி அவுன்ஸ் ஏறத்தாழ 1,420 டாலர், டாலருக்கு 68 ரூபாய் 80 காசு, வரி 10 விழுக்காடு. ஒரு கிராம் 3,455 ரூபாய். டாலரில் தங்கம் ஏறியது நூற்றுக்கு நாலுகூட இல்லை. ரூபாயில் ஏறியது 36 விழுக்காடு. அன்றுதான் இந்தியாவில் தங்கம் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது.

நடந்தது ஒரு சங்கிலி. விலை சரிந்ததும் இந்தியர்கள் கடைகளில் குவிந்தார்கள். மே மாதம் மட்டும் 160 டன்னுக்கு மேல் தங்கம் இறக்குமதியானது. ஏற்கனவே நடப்புக் கணக்குப் பற்றாக்குறையில் தவித்த நாட்டில் டாலர் இன்னும் வெளியே போனது. தங்கம் வாங்க வேண்டாம் என்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். ஜூனில் வரி 8 விழுக்காடு, ஆகஸ்டில் 10. அமெரிக்கா பண வெள்ளத்தைக் குறைக்கப் போகிறது என்ற பேச்சு மே கடைசியில் கிளம்ப, ரூபாய் வரலாறு காணாத சரிவைச் சந்தித்தது. டாலரில் விலை இறங்கியதே ரூபாயில் விலை ஏறுவதற்கான காரணங்களில் ஒன்றானது.

ஆகஸ்ட் 28 ஓர் உச்ச நாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறகு ரூபாய் தேறியது. ஆண்டு முடிவில் இங்கேயும் விலை இறங்கித்தான் இருந்தது, ஆனால் டாலரில் இறங்கிய அளவுக்கு இல்லை. வெளிநாட்டு வங்கியின் கணிப்பு பேசுவது டாலரை மட்டும். ரூபாயும் டெல்லியின் வரியும் அதன் கணக்கில் கிடையாது. 2024 ஜூலை 23-ம் தேதி பட்ஜெட்டில் வரியை 15-லிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தபோது, சென்னையில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. எந்த வங்கியின் தங்க இலக்கும் அந்த இறக்கத்தைச் சொல்லியிருக்கவில்லை.

4,900 டாலரை நம்ம ஊர் பவுனாக்கினால்

அக்டோபர் 6-ம் தேதி எண்ணுக்கு வருவோம். கணக்கை யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போடலாம். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். 4,900-ஐ 31.1-ஆல் வகுத்தால் கிராமுக்கு 157.6 டாலர். அப்போதைய டாலர் விலை 88 ரூபாய் 80 காசால் பெருக்கினால் 13,990 ரூபாய். 6 விழுக்காடு வரி சேர்த்தால் 14,830. ஆபரணத் தங்கம் 22 காரட் என்பதால் 0.916-ஆல் பெருக்கினால் 13,585. எட்டுக் கிராமுக்கு ஏறத்தாழ 1,08,700 ரூபாய். இதே கணக்கை அன்றைய 3,950 டாலருக்குப் போட்டால் 87,600 வருகிறது. கடையில் இருந்தது 89,000. வித்தியாசம் இரண்டு விழுக்காட்டுக்குள்தான், ஆகவே கணக்கு பரவாயில்லை.

இந்த 1,08,700 ரூபாயைக் கல்லில் செதுக்கிய எண்ணாக எடுக்கக்கூடாது. டாலர் ஒரு ரூபாய் ஏறினாலோ இறங்கினாலோ பவுனுக்கு 1,200 ரூபாய் மாறும். வரி ஒரு விழுக்காடு மாறினால் 1,000 ரூபாய். பழைய பிழைகளைப் பார்த்து இரு பக்கமும் 15 விழுக்காடு விட்டால், 92,000 முதல் 1,25,000 வரை எங்கேயும் நிற்கலாம். இதுவும் உத்தரவாத எல்லை இல்லை. 2013-லும் 2025-லும் பிழை இதைத் தாண்டியது.

இப்போது அந்த எண் அச்சுப் பிசகாமல் பலிப்பதாகவே வைத்துக்கொள்வோம். லாபத்துக்காக ஒருவர் அன்று ஒரு பவுன் சங்கிலி எடுக்கிறார். செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 விழுக்காடு என்றால் 99,680. அதன் மேல் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து ஏறத்தாழ 1,02,700 ரூபாய் கைவிட்டுப் போகிறது. திருப்பி விற்கும்போது செய்கூலியும் வரியும் திரும்பி வராது. தங்கத்தின் விலைதான் வரும். பழைய நகைக்குக் கடை எதுவும் கழிக்கவில்லை என்றே கொண்டாலும் 1,08,700. பதினைந்து மாதம் கழித்து லாபம் 6,000 ரூபாய், நூற்றுக்கு ஆறு. வங்கி வைப்புநிதியில் போட்டிருந்தாலும் இதைவிடக் குறைவாகக் கிடைத்திருக்காது. தலைப்புச் செய்தியில் 24 விழுக்காடு உயர்வாகத் தெரிந்தது, நகையாக வாங்கியவர் கைக்கு வரும்போது இவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு எடுப்பவர் நிலை வேறு. அவர் செய்கூலியை எப்போது எடுத்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். அவருக்கு வேண்டியது லாபம் அல்ல, குறித்த நாளில் கையில் நகை. விலை இரு பக்கமும் 15 விழுக்காடு தப்பலாம் என்றால், மொத்தத்தையும் ஒரே நாளில் எடுப்பதும் ஆபத்து, மொத்தத்தையும் தள்ளிப்போடுவதும் ஆபத்து. காசு வரும்போதெல்லாம் பகுதி பகுதியாக எடுப்பதுதான் அந்தப் பிழைக்கு ஈடு கொடுக்கும் வழி.

வங்கி தன் பணத்தை எதை நம்பிக் கொடுக்கிறது?

கணிப்பை வங்கிகளே எவ்வளவு நம்புகின்றன என்று பார்க்க ஓர் எளிய இடம் நகைக்கடன் கவுன்டர். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறை, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. அதன்படி நகையை மதிப்பிட இரண்டு விலைகள் உண்டு. கடந்த 30 நாளின் சராசரி விலை ஒன்று, முந்தைய நாள் இறுதி விலை இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதையே எடுக்க வேண்டும். அந்த மதிப்பிலும், நுகர்வுத் தேவைக்கான கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் 85 விழுக்காடு, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 விழுக்காடு மட்டுமே கடன்.

வங்கிகள் சொல்லும் இலக்கு விலையைக் காட்டி ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. தன் பணம் என்று வரும்போது வங்கி நேற்றைய விலையை எடுக்கிறது. அதிலும் குறைந்ததை எடுக்கிறது. அதற்கும் கீழே 15 முதல் 25 விழுக்காடு தள்ளி நிற்கிறது.

நகையை மீட்பதா, திருப்பி வைப்பதா என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. விலை ஏறினால் அந்த ஏற்றம் அடகில் இருக்கும் நகைக்கும் சேர்ந்தே வரும். அதற்காக மீட்கவும் வேண்டாம், அதற்காக அடகிலேயே விட்டுவைக்கவும் வேண்டாம். மாதாமாதம் ஓடும் வட்டி மட்டும் நிச்சயமான செலவு. ஆகவே கையில் காசு இருந்தால் வட்டியைப் பார்த்து முடிவெடுங்கள். இலக்கு விலையைத் தேதியோடும் அன்றைய விலையோடும் சேர்த்து நாட்காட்டியில் எழுதிவையுங்கள். அந்தத் தேதி வரும்போது, அடுத்த இலக்குக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.